கசப்பில்லாத காபி

கடைத்தெருவில் அவரைப் பேனாக்காரர் என்றால்தான் தெரியும். மனு, வாடகைப் பத்திரம், ஓட்டல் மெனு, எதை நீட்டினாலும் தமிழில் எழுதிக் கொடுப்பார். அச்சகத்தில் இருபது வருஷம் எழுத்துக் கோத்த கை. வயிற்றுப்புண் வந்ததிலிருந்து காபி, டீ எதையும் வாயில் வைப்பதில்லை.

மூலைக் காபிக் கடை மெனுவில் அதுதான் வினையானது. 'கோல்டு ப்ரூ' பக்கத்தில் ஆங்கிலத்தில், பச்சைத் தண்ணீரில் பதினாறு மணி நேரம் ஊறியது, வழவழப்பானது, கசப்பு குறைவு என்று இருந்தது. கசப்பு குறைந்தால் வீரியமும் குறைவுதானே என்று மனுஷன் தானாக முடிவு கட்டி, 'குளிர்ந்த காபி, மிகவும் இலேசானது' என்று எழுதிவிட்டார்.

கடும் காபியே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த அவருடைய அக்கா, அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு பெரிய கிளாஸ் குடித்தாள். சாயங்காலம் நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரியில் படுத்தாள்.

"நீ எழுதினதாச்சேன்னுதாண்டா குடிச்சேன்" என்றாள்.

மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றார். காபி போடும் பெண் முறைத்தாள்.

"கசப்பு வேற, வீரியம் வேற அண்ணே. வெந்நீர் படாததால கசப்பு அதிகம் இறங்கலை, அவ்வளவுதான். ஆனா பொடி நிறையப் போட்டு ராப்பகலா ஊற வைக்கிறோம். நாங்க தண்ணி கலந்து தர்றதுலயும் சாதாரண காபியை விட வீரியம் கூட. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கலம்மா. தப்பு என்னோடதுதான்."

அரைகுறையாகக் காதில் வாங்கிய கடை முதலாளி குறுக்கிட்டார். "எங்க மெனுவையா குத்தம் சொல்றீங்க?"

"உங்க மெனு சரிங்க. என் வரிதான் பொய்."

எல்லா அட்டையிலும் அந்த வரியைத் தன் கையாலேயே அடித்தார். பிறகு அந்தப் பெண்ணை எதிரே உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை கிராம் பொடி, எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிஷம்?

"பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளவு கேக்கலைண்ணே" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. எத்தியோப்பியக் காபிக்கு 'ஒரே தோட்டத்துக் கொட்டை' என்று எழுதியிருந்தார். அது ஒரே வட்டாரத்துச் சிறு விவசாயிகள் பலரிடம் வாங்கிச் சேர்த்தது என்றாள். அதையும் மாற்றினார். 'வெள்ளைத் தேநீர்' பக்கத்தில், நிறம் வெளுப்பு என்றாலும் தூக்கம் கெடுக்கும் சத்து இதிலும் உண்டு என்று சேர்த்தார். ருசிக்கு ஒரு வரி, வீரியத்துக்குத் தனியாக ஒரு வரி.

சாயங்காலம் புது அட்டையை அக்காவிடம் கொடுத்தார். அவள் விரலை வைத்து மெல்லப் படித்தாள்.

"இப்ப புரியுது. அப்ப நான் எதைடா குடிக்கலாம்?"

சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாதுக்கா. டாக்டர்கிட்ட இந்த அட்டையைக் காட்டிக் கேட்டுட்டு வர்றேன்."