முப்பத்தொரு சிவப்புக் குறிகள்

ராஜவேல் எதையும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பார். கோளாறு ஒன்றுமில்லை, தொழில் அப்படி. தில்லியில் ஓர் அரசு அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் புரூஃப் பார்த்தவர். மேலிருந்து கீழே படித்தால் பொருள் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், கண் பிழையைத் தாண்டிவிடும் என்பது அவர் கட்சி. அதனால் முக்கியமான தாள் என்றால் கடைசி வரியில் தொடங்கி மேலே ஏறுவார். எழுத்து மட்டும் தெரியும், விஷயம் தெரியாது. ஓர் அரசிதழ் முழுக்கப் பிழை பார்த்துவிட்டு, அதில் தன்னுடைய சம்பள உயர்வு வந்திருப்பதை மறுநாள் கேன்டீனில் வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்ட மனிதர் அவர்.

அவர் மனைவி அம்சவேணி இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போனாலும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "இதுல ஒரு எழுத்து விட்டிருக்கான்" என்று நடுக்கடையில் நிற்பவருடன் முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவள். மந்திர் மார்க் பள்ளியில் தமிழாசிரியை. போன நவம்பரில் டெங்கு வந்து, ஒன்பதே நாளில் போய்விட்டாள்.

மே மாதத்தில் ஷ்ருதி ஜனக்புரி வீட்டுக்கு வந்தாள். அம்சவேணியிடம் படித்த பெண், இப்போது அவளே ஆசிரியை. பழைய மாணவர்கள் சேர்ந்து டீச்சர் நினைவாக ஒரு மலர் போடுகிறார்கள். அதில் டீச்சர் எழுதிய ஒரே கட்டுரையைச் சேர்க்க வேண்டும். இரண்டாயிரத்து இரண்டில் 'தலைநகர்த் தமிழ் மலர்' என்ற ஆண்டிதழில் வந்தது. இதழ் நடத்திய சங்கத்தில் இருந்த பிரதிகள் கரையானுக்குப் போய்விட்டன. வீட்டு பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியில் ஒன்று இருந்தது. ஷ்ருதி அதைக் கடையில் ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளில் போட்டு, வந்ததை அவருக்கு அனுப்பினாள்.

"அங்கிள், ஒரே கிச்சடியா வந்திருக்கு. யாராவது டிடிபி ஆளைப் பிடிக்கட்டுமா?"

"எதுக்கும்மா ஆளு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார் ராஜவேல். சொன்ன பிறகு இருவருக்கும் முகம் வாடிவிட்டது.

கிச்சடிதான். பக்கத்தின் தலையில் இருந்ததெல்லாம் வாக்கியத்தின் நடுவே விழுந்திருந்தது. இடப்பக்கத் தலைப்பில் இதழின் பெயர், வலப்பக்கத் தலைப்பில் கட்டுரையின் பெயர், 'தில்லித் தெருவில் தமிழ்ப் பிள்ளைகள்'. பதினொரு பக்கத்திலும் இவை கட்டுரைக்குள் தலையை நீட்டின. அடிக்குறிப்பு எண்கள் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தன. இதற்கெல்லாம் மேலாக, ஓரத்தில் சிவப்பு மையால் யாரோ போட்டிருந்த குறிகளையும் மென்பொருள் எழுத்தென்று நினைத்து, நல்ல வரிகளுக்குள் பூச்சியும் புழுவுமாக இறைத்திருந்தது.

யாரோ என்ன யாரோ. அவர்தான்.

அது அவருக்கு மறக்கவில்லை, ஆனால் அதை ஒரு விஷயமாக அவர் நினைத்ததில்லை. இதழ் வந்த அன்று சாயங்காலம் அம்சவேணி அதை அவர் கையில் கொடுத்து எதிரே நின்றாள். அவர் கண்ணாடியைப் போட்டார், பாக்கெட்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார், ஐம்பத்தோராம் பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கினார். முக்கால் மணி நேரத்தில் நாற்பத்தோராம் பக்கத்துக்கு ஏறி வந்தார். "முப்பத்தொரு பிழை வேணி. என்னா பிரஸ்ஸு இது?" என்று திருப்பிக் கொடுத்தார். கட்டுரையின் முடிவில் ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தார்: 'அச்சுக்குப் போகும் முன் காட்டியிருக்கலாம்.'

"முப்பத்தொண்ணா? சரி," என்றாள் அவள். அடுப்பில் ரசம் இருந்தது, உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அவர் வேலையை ஒழுங்காகத் தொடங்கினார். ஷ்ருதி அனுப்பிய எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு படத்திலும் கட்டுரை வரிகளைச் சுற்றி மட்டும் ஒரு பெட்டி வரைந்தார். தலைப்பு வெளியே, பக்க எண் வெளியே, ஓரம் வெளியே. கீழே அடிக்குறிப்புக்குத் தனிப் பெட்டி. பெட்டிக்குள் இருப்பதை மட்டும் மென்பொருள் படித்தது. ஓரத்துச் சிவப்பெல்லாம் ஒரே அடியில் ஒழிந்தது. வரிகளுக்கு உள்ளே வட்டம் போட்ட இடங்களை மட்டும் படத்தைப் பார்த்துக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது.

"தலைப்பை ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்ல போட்டு மொத்தமா தூக்கியிருக்கலாமே அங்கிள், ஜல்தி முடிஞ்சிருக்கும்," என்றாள் ஷ்ருதி போனில்.

"தூக்குவே. கட்டுரைக்குள்ளயே அந்தச் சொல்லு ரெண்டு இடத்துல வருது. அதுவும் சேர்ந்து போவும். அப்புறம் யாரு அழுவுறது?"

பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் இந்த வேலையில் ஒரு சங்கடம் இருந்தது. பக்கத்தோடு பக்கம் சேரும் இடத்தில் வாக்கியம் அறுந்து நிற்கும். அதை அடுத்த பக்கத்தின் முதல் வரியோடு ஒட்ட வேண்டும். அங்கே புதிய பத்தியா, பழைய வாக்கியத்தின் மீதியா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பொருள் தெரிய வேண்டும். கீழிருந்து மேலே போனால் நடக்காது. ராஜவேல் வேறு வழியில்லாமல், மனைவியின் கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அவள் பேச்சு அப்படியே இருந்தது. ஆட்டோக்காரரைப் 'பையா' என்றும் மாமாவை 'அங்கிள்' என்றும் கூப்பிடும் பிள்ளைகளைத் திட்டாமல், அவர்கள் பின்னாலேயே நடந்து காது கொடுத்துக் கேட்டிருந்தாள். பஸ்ஸில் ஒரு குழந்தை, "அம்மா, பூக் வந்துடுச்சு" என்றதாம். பசியைக்கூட இரண்டு பாஷையில் சொல்லும் பிள்ளைக்கு ஒரு பாஷையிலாவது சோறு கிடைக்காதா என்று எழுதியிருந்தாள். ராஜவேல் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். சமையலறைப் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூலர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, நாற்பத்தாறாம் பக்கத்துக்கு வந்தார். 'பிள்ளைகள் பிழைக்கு⁴ அஞ்சாமல் வீட்டில் ஒரு தமிழும்' என்று வாக்கியம் அறுந்திருந்தது. 'தெருவில் ஒரு தமிழும் பேசுகிறார்கள்' என்று நாற்பத்தேழில் தொடர்ந்தது. அதை ஒட்டினார். நான்காம் அடிக்குறிப்பும் நீளமானது. பாதி நாற்பத்தாறின் அடியில், மீதி நாற்பத்தேழின் அடியில். மீதிக்கு எண் இருக்காது, விவரம் தெரியாதவர்கள் அதை அடுத்த குறிப்பின் தலையில் கட்டிவிடுவார்கள். அவர் இரண்டு பாதியையும் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, நான்காம் எண்ணுக்குள் வைத்தார். சேர்ந்ததைச் சரிபார்க்கப் படித்தார்.

'பிழை என்றால் என்ன என்பதை நான் கற்றது என் கணவரிடம். அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஆனால் இந்தக் கட்டுரையை மட்டும் அவரிடம் முன்கூட்டிக் காட்டவில்லை. அச்சில் என் பெயரைப் பார்த்து முதலில் அவர் சந்தோஷப்படட்டும், பிழைகளைப் பிறகு பார்க்கட்டும் என்று.'

ராஜவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு பீரோவைத் திறந்து இதழையே எடுத்து வந்தார். நாற்பத்தாறாம் பக்கத்தின் அடியில், அந்தக் குறிப்பில், 'கற்றது' என்ற சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அச்சில் ஓர் எழுத்து மாறி விழுந்திருந்தது. அதைப் பிடித்திருக்கிறார். 'என் கணவரிடம்' என்பது பக்கத்துச் சொல். அதன் மேல் கண் போயிருக்கிறது, எழுத்தெல்லாம் சரியாக இருக்கவே நகர்ந்து மேலே போய்விட்டது.

மீதிப் பாதியை அவர் அதற்கு முன்பே தாண்டியிருந்தார். நாற்பத்தேழிலிருந்துதானே நாற்பத்தாறுக்கு ஏறி வந்தார்.

அன்று அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அந்தக் குறிப்புக்கு எப்போது வருவார், எப்போது நிமிர்ந்து பார்ப்பார் என்று நின்றிருப்பாள். முக்கால் மணி நேரம். அவர் வந்தார், வட்டம் போட்டார், நிமிரவில்லை. அறுபத்தைந்து வயது மனிதர், கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். மருத்துவமனையில்கூட அவர் அப்படி அழவில்லை.

ஷ்ருதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். திரையில் பதினொரு பக்கமும் ஒரே ஓட்டமாக இருந்தது. ஒன்பது அடிக்குறிப்பும் அதனதன் எண்ணின் கீழே. தலைப்பு ஒரு வரியிலும் தலை நீட்டவில்லை.

"அச்சா! எவ்ளோ சுத்தமா இருக்கு அங்கிள்," என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "ஸ்கேனைப் பார்த்துட்டு, இந்த நாலாவது ஃபுட்நோட் பர்சனலா இருக்குன்னு கமிட்டில சொல்றாங்க. எடுத்துடலாமான்னு..."

"அதை எடுத்தா கட்டுரையையே எடுத்துடு," என்றார் ராஜவேல். குரல் உயரவில்லை. அவள் சரி என்று உடனே தலையாட்டிவிட்டாள்.

டீயைக் குடித்துக்கொண்டே அவள்தான் கேட்டாள். "டீச்சர் இவ்ளோ நல்லா எழுதியிருக்காங்க. அப்புறம் ஏன் எழுதவே இல்ல? நாங்க கேட்டா சிரிப்பாங்க. 'வீட்ல ஒருத்தர் பார்த்துட்டாரு, அது போதும்'பாங்க."

ராஜவேல் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும் அங்கிள். ஸ்கேன் பண்ண பக்கங்களையும் வெப்சைட்ல போடறோம். ஓரத்துல ரெட் இங்க்ல யாரோ கிறுக்கியிருக்காங்க. கிராப் பண்ணிடட்டுமா?"

அவர் இதழை எடுத்து ஐம்பத்தோராம் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தார். "யாரோ இல்லம்மா. நான்தான். படிக்காமலே பிழை பார்த்தேன்."

அவள் ஓரத்து வரியைப் படித்தாள். 'அச்சுக்குப் போகும் முன் காட்டியிருக்கலாம்.' திரையில் நான்காம் குறிப்பைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டையும் அவளும் இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறாள்.

"அவ எழுதினதுக்குள்ள என்னோடது ஒரு புள்ளிகூட வரக்கூடாது. அதைப் பார்த்துக்கிட்டேன்," என்றார். "படத்துல ஓரத்தை வெட்டாத. அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் செஞ்சதுதானே."

ஷ்ருதி பென்டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சட்டைப் பாக்கெட்டில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். இதழைத் திறந்து, கட்டுரையின் தலைப்பை வாசித்தார். அதன் கீழே அவள் பெயரை வாசித்தார். பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், நிறுத்தி நிதானமாக, வாய்விட்டுப் படித்தார். நான்காம் குறிப்பு வந்த இடத்தில் நிமிர்ந்து, எதிரே அவள் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்க வேணி," என்றார்.

இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. கேட்க ஆள் இல்லை.