புயல்கடலும் சின்னப் படகும்

நாவல் அட்டைக்குப் புயல்கடல் படம் கேட்டு, வடிவமைப்பாளர் காலையிலிருந்து செயற்கை நுண்ணறிவுக்கு வரிகள் எழுதிக்கொண்டிருந்தார். கருமேகம், மின்னல், சிதறும் நீர்த்திவலை எல்லாம் வந்தன. அலை மட்டும் குளத்தலை மாதிரியே இருந்தது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மைத்துனன் எட்டிப் பார்த்தான். "மச்சான், தூரத்துல சின்னதா ஒரு மீன்பிடிப் படகுன்னு சேர்த்துப் பாருங்க."

சேர்த்ததும், அந்தச் சின்னப் படகுக்கு முன்னால் அலை மலையாக எழுந்து தெரிந்தது. படம் பார்க்க வந்த பதிப்பாளர் மைத்துனன் முதுகில் தட்டிக்கொடுத்தார். வடிவமைப்பாளருக்கு வயிறு பற்றி எரிந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனதும், 'கிட்டத்தில் பெரிய படகு' என்று வரியை மாற்றினார். படகு படத்தையே அடைத்துக்கொண்டது, கடல் வாய்க்காலாகிவிட்டது. வெட்கத்தோடு பழைய வரியையே திரும்பப் போட்டார்.

மைத்துனன் வந்ததும், "படகு நல்லாத்தான்டா இருக்கு" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.