கழித்த கோடு

ஜீவராணியிடம் ஒரு எண்ணைக் கொடுத்தால் அதை அப்படியே நம்ப மாட்டாள். காய்ச்சல் பார்க்கும் கருவியைக்கூட முதலில் தன் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்கு வைப்பாள். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மேல் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பதுளையில் மண்சரிவைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் தரவுகளைப் பார்க்கும் வேலைக்கு வந்தவள். லயத்திலிருந்து அந்த நாற்காலி வரை வந்ததற்கு அவள் பட்ட பாட்டைச் சொல்லப் போனால் அது தனிக்கதை. இது அவள் ஒரே ஒரு எண்ணை நம்பிய கதை.

அந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு மேல் லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு கண்டது. சனங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அலுவலகத்தார் வெடிப்புக்குக் கீழே கொங்கிரீட் தூண் ஒன்று நட்டு, அதில் ஒரு சாய்வு சென்சரைப் பூட்டினார்கள். உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவு சின்னப் பெட்டி. நிலம் மயிரிழை சாய்ந்தாலும் தொலைபேசிச் சிக்னல் வழியாகப் பதுளைக்கு எண் வந்துவிடும். பூட்டிய அன்று அவள் அம்மா நல்லம்மா தேத்தண்ணிக் கேத்தலோடு மேலே ஏறி வந்தாள்.

“இந்தச் சுண்டுப் பெட்டியா மலையைப் பாத்துக்கப் போவுது?”

“ஆமாம்மா. மலை அசைஞ்சா எனக்குச் சொல்லும்.”

“அப்ப நீ எனக்குச் சொல்லு.”

தாயும் மகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிகளுக்கு ஒரு நோய் உண்டு. முன்பு லுணுகலைப் பக்கம் வைத்திருந்த சிலவற்றைக் கழற்றிவந்து அலுவலகத் தரையில் வைத்தபோது, அசையாத தரையிலும் எண் நாளுக்கு நாள் ஒரே சீராக ஏறியது. அலுவலகத்தில் அதை ட்ரிஃப்ட் என்பார்கள். சென்சர் தானாகக் காட்டும் பொய் ஏற்றம். அதற்கு மருந்தும் உண்டு. அளவுகளை நேரத்துக்கு எதிராக வரைந்து, அவற்றின் நடுவே பொருந்தும்படி ஒரு நேர்கோடு போட வேண்டும். அந்தக் கோட்டின் சரிவுதான் பொய்யின் வேகம். ஒவ்வொரு அளவிலிருந்தும் அந்த நேரத்துக்குரிய கோட்டின் பெறுமதியைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது மலையின் உண்மையான அசைவு.

கோட்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் அசையாத தரையில் வாரக்கணக்கில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். வெடிப்பு காத்திருக்குமா? ஆகவே அலுவலகத்தில் ஒரு குறுக்குவழி பழகிப்போயிருந்தது. மழையில்லாத மாதங்களில் மலை அசையாது, அப்போது ஏறுவதெல்லாம் சென்சரின் பொய்தான், அதைக் கழித்துவிடு. யார் தொடங்கிவைத்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் செய்தார்கள்.

மாசியும் பங்குனியும் காய்ந்து கிடந்தன. பெட்டியின் எண் ஒரே சீராக ஏறியது. ஜீவராணி கோடு போட்டாள். ஒரு புள்ளிகூட விலகாமல் அழகாகப் பொருந்தியது. கழித்தாள். திரையில் மிஞ்சியது தண்ணீர் மட்டம் பிடித்ததுபோல் தட்டையான வரி. சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னால் நல்லம்மா தொலைபேசி எடுத்தாள்.

“பள்ளிக்கூடத்துல படுத்து இடுப்பு ஒடைஞ்சு போச்சு புள்ள. ஒம் பொட்டி என்ன சொல்லுது?”

“ஒண்ணும் இல்லம்மா. மலை அப்படியே இருக்கு. வீட்டுக்குப் போங்க.”

அலுவலகத்தின் முடிவும் அதுவேதான். ஆனால் நல்லம்மா போனது அலுவலகத்தை நம்பியல்ல.

அதன் பிறகு மாதா மாதம் புதிய அளவுகளைச் சேர்த்துக் கோட்டைப் புதுப்பிப்பதும் பழக்கம். ஒவ்வொரு முறையும் கோடு கொஞ்சம் செங்குத்தானது. சென்சருக்கு வயதாகிறது என்று நினைத்தார்கள். மலை வேகமெடுக்க எடுக்கக் கோடும் கூடவே நிமிர்ந்து அதை விழுங்கிக்கொண்டிருந்தது. திருத்தாத எண் எச்சரிக்கை எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. திருத்திய எண் நல்ல பிள்ளையாகக் கீழேயே கிடந்தது.

ஆவணியில், மண் வெடித்துக் கிடந்த வெயில் காலத்தில், நல்லம்மா இன்னொரு முறை பேசினாள்.

“கதவு சாத்த மாட்டேங்குது ராணி. நெலையில இடிக்குது.”

“மரம் உப்பியிருக்கும்மா. கொஞ்சம் சீவச் சொல்லுங்க.”

வெயில் காலத்தில் மரம் உப்புமா? எந்த எண்ணையும் நம்பாதவளுக்கு அன்று அந்தக் கேள்வி எழவில்லை. வேலை நேரம், திரையில் வரி தட்டையாக இருந்தது, அம்மா எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டேயிருப்பாள்.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் மலை இறங்கியது. பட்டப்பகல். பிள்ளைகள் பள்ளியில், பெண்கள் கொழுந்து பறிக்கும் வேறு மலையில். லயத்தில் இருந்தவர்கள் சிலர்தான். பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த பெரியாயி சத்தம் கேட்டு வெளியே ஓடித் தப்பினாள். நல்லம்மா உள்ளே இருந்தாள். சீவிய பிறகும் நிலையில் இறுகிப் பிடித்த அந்தக் கதவு திறந்து கொடுக்கவில்லை.

ஜீவராணி அழுததைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, மண்ணில் தோண்டியெடுத்த பெட்டியைச் சேறு துடைத்து அவள் மேசையில் வைத்திருந்தார்கள். அதை எடுத்துப்போய்க் கீழ்த்தளத்தில், பாறையில் எழுப்பிய தூணில் பூட்டினாள். கூட வேலை செய்த கிஷாந்தன் அவள் பின்னாலேயே வந்தான்.

“சென்சர் அடிபட்டுப் போச்சு, ஜீவராணி. இதை இனி நம்பேலாது. விடுங்கோ.”

“அடிபட்டதுல பூச்சியம் இடம் மாறியிருக்கும், கிஷாந்தன். அது எனக்கு வேணாம். நாளோட ஏறுதா இல்லையான்னு மட்டும் பாக்கணும்.”

அவன் மறுக்கவில்லை. அவள் வேண்டிக்கொண்டது என்னவென்று அவனுக்குத் தெரியும். ஏற வேண்டும். கொஞ்சமாவது, அந்தக் கோட்டில் பாதியாவது ஏற வேண்டும். பொய் சொன்னது பெட்டிதான் என்று இருந்துவிட்டால் அவளால் தூங்க முடியும்.

வாரங்கள் போயின. அவள் தினமும் கீழே இறங்கிப் பார்த்தாள். மார்கழிக் கடைசியில் உட்கார்ந்து, அளவுகளுக்கு நடுவே கோடு போட்டாள். கோடு படுத்தே கிடந்தது. சரிவு பூச்சியத்துக்குப் பக்கத்தில். லுணுகலைப் பெட்டிகளின் நோய் இந்தப் பெட்டிக்கு இல்லவே இல்லை. இது ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

“நாங்கள் எல்லாரும் சேர்ந்துதானே அப்பிடிச் செய்தனாங்கள்,” என்றான் கிஷாந்தன். அது உண்மைதான். ஆனால் நல்லம்மா எல்லோரிடமும் கேட்கவில்லையே.

அவன் போன பிறகு அவள் பழைய கோப்பைத் திறந்து, கழித்த கோடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கூட்டினாள். தட்டையாகக் கிடந்த வரி மெல்ல எழுந்தது. மாசியில் தொடங்கி ஒரு நாளும் நிற்காமல் மலை நடந்து வந்திருந்தது. அவள் வீட்டுக்குப் போகச் சொன்ன நாளிலும் நடந்தது. ஆவணியை வந்தடைந்ததும் கையை எடுத்துவிட்டாள். கதவைப் பற்றி அம்மா பேசிய வாரத்தில் வரி எச்சரிக்கை எல்லையைத் தாண்டி மேலே போயிருந்தது.

திரையைப் பார்த்தபடியே, தொலைபேசியில் பேசுவதுபோல் தணிந்த குரலில் சொன்னாள்.

“மரம் உப்பலம்மா. நெலைதான் சாஞ்சிருக்கு. வெளிய வாங்க.”