ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா

கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்ப்பது அவள் வேலை. நாளைக்கு நாற்பது பேருக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பாள். வீட்டில் யாராவது அவளிடம் அப்படிக் கேட்டுவிட்டால் தொலைந்தது. ஃப்ரிட்ஜ் வாங்கப் பதினோரு மாதம் ஆனது. வாங்கிய பிறகும் கடை கடையாக விசாரித்தாள்.

இப்போது வாடகை வீடு. இருக்கிற வீட்டை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். அவள் யோசித்து முடிப்பதற்குள் மூன்று வீடு கைநழுவிப் போனது. மிச்சம் ஒரு மாடி வீடு, ஒரு சந்து வீடு. இரண்டுக்கும் இன்று ஐந்து மணி கெடு.

மூன்று மணிக்குப் புருஷன் பரிசோதனை அறைக்கே வந்துவிட்டான்.

"இன்னும் யாரைக் கேட்கணும்? உங்க அக்காவைக் கேட்டாச்சு, வாசல் வாட்ச்மேனைக்கூட விடல. ஆளுக்கொண்ணு சொல்றாங்க, நீ மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறே."

"தப்பாப் போனா சொல்லிக்காட்டப் போறது யாரு? அடுப்பு வாங்கினதை ஆறு வருஷமா சொல்றீங்க."

"சொல்லத்தான் செய்வேன். அதுக்காகப் பெட்டியோட தெருவுல நிக்கணுமா?" நோயாளி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "எது தெளிவுன்னு தெரியாம இங்கே உட்கார்ந்து முழிச்சேனே, அன்னிக்கு என்ன சொன்னே?"

"ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா எதைப் போட்டாலும் ஒண்ணுதான்னு." வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னாள். மேலும் மேலும் மாற்றினால் கண் களைத்துப் பதில் இன்னும் குழம்பும் என்பது அவளுக்குத் தெரியாததா?

சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதினாள். தண்ணீர், மகள் நடந்து போகும் தூரத்தில் பள்ளி, கட்டுப்படியாகும் வாடகை. இந்த மூன்றும் இருந்தால் போதும். இரண்டு வீட்டிலும் இருந்தது. போன மூன்று வீட்டிலும் இருந்ததுதான்; அது சுருக்கென்று தைத்தது. சரிப்படாவிட்டால் வருஷம் கழித்து மாறிக்கொள்ளலாம், ஆயுசுக்கும் தாலி கட்டிக்கொள்ளவில்லை.

முதலில் பார்த்தது மாடி வீடு. அதற்குப் போன் போட்டாள். பயம் போகட்டும், பிறகு முடிவெடுக்கலாம் என்றுதான் இத்தனை வருஷமும் காத்திருந்தாள். இன்றும் அது போகவில்லை, அதோடேயே பேசினாள். பிறகு சந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "எங்களுக்கு வேண்டாங்க" என்றாள். அதைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது.

குடிவந்த மூன்றாம் நாள் மத்தியானம் படுக்கையறை அனலாய்க் கொதித்தது.

"சந்து வீடுன்னா ஜில்லுனு இருந்திருக்கும்" என்றான் புருஷன்.

அது இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்கக் கை போனை எடுத்துவிட்டது. எடுத்ததை அலமாரி மேல் வைத்தாள்.

"இருந்திருக்கும். ஜன்னலுக்குத் திரை அளவெடுக்கணும், ஸ்டூலைப் பிடிங்க. பிடிச்சுக்கிட்டே சொல்லிக்காட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே பிடித்தான்.