ஆர்டர் நிலை: அணைக்கப்பட்டது

வீட்டுக்கே மருந்து அனுப்பும் கம்பெனியின் மூன்றாம் மாடியில் அவளுக்கு மணியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆறு லட்சம் போன்களை ஒரே அமுக்கில் சிணுங்க வைக்கும் வேலை அவளுடையது என்பதால் வந்த பட்டம் இது. வேலையில் மகா கறார். நோட்டிபிகேஷனில் ஓர் ஆச்சரியக்குறி போட்டுக்கொண்டு யாராவது வந்தால், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடம் அடுத்த தெருவில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

"ஆர்டர் ஏற்கப்பட்டது", "மருந்து கட்டப்பட்டது", "வண்டி கிளம்பிவிட்டது", "பெட்டி உங்கள் வாசலில் இருக்கிறது". இந்த நான்கு வரிகளும் அவள் எழுதியவை. இவை அந்தந்த வாடிக்கையாளரின் போனுக்கு மட்டும் போகும். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியவற்றுக்கு இரண்டு டாபிக், அதாவது பெறுவோர் பட்டியல், வைத்திருந்தாள். ஒன்று 'சலுகை'. தள்ளுபடி விஷயமெல்லாம் அதில். வேண்டாதவர்கள் ஒரு பொத்தானைத் தள்ளினால் விலகிவிடலாம். அந்தப் பொத்தானை யார் கண்ணிலும் படாத மூலையில் வைக்கும்படி விற்பனைப் பிரிவு சொன்னபோது ஒரு வாரம் மல்லுக்கட்டி, அமைப்புகளின் முதல் பக்கத்திலேயே வைத்தாள். இன்னொன்று 'சேவை'. மழையால் வண்டி தாமதம் என்பது போன்ற அவசரச் செய்திக்கு. அதில் எல்லாரும் இருந்தார்கள். போனில் ஆர்டர் செய்தியும் சேவைச் செய்தியும் 'ஆர்டர் நிலை' என்ற ஒரே சேனலில் வரும், அதிர்வோடு. சேனல் என்பது போனுக்குள் செய்தி வரும் வழி; அதை அணைப்பது போன்காரர் கையில். சலுகைக்குத் தனிச் சேனல். அது ஓசைப்படாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த அதிர்வை அவள் வைத்ததே அண்ணனை நினைத்துத்தான். அண்ணன் முப்பது வருஷம் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று இரண்டு காதையும் அதற்கே கொடுத்துவிட்டு வந்தவர். முகத்தைப் பார்த்து மெல்லப் பேசினால் உதட்டை வைத்துப் புரிந்துகொள்வார். தனிக்கட்டை. முழங்கால் வலிக்காரர். மாதாமாதம் இன்சுலின் பெட்டி வாசலுக்கு வரும். அழைப்பு மணி அவர் காதில் விழாது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தால் எழுந்து போய்க் கதவைத் திறப்பார். "என் தங்கச்சி கூப்பிடுறா" என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமையடிப்பார்.

போன கோடையில் விற்பனைத் தலைவர் அவள் மேசைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. அவர் சிரித்துக்கொண்டு வந்தால் யாருக்கோ வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

"சலுகை டாபிக்ல பாதிப் பேர் இல்ல மேடம். விலகிட்டாங்க. இந்த ஒரு வாரம் 'சேவை'ல போட்டுடுங்க."

"சார், அது ஆர்டர் சேனல்ல வரும். போன் அதிரும். வேணாம்னு சொன்னவங்களுக்கும் போகும்."

"போகணும்னுதானே சொல்றேன்."

"எரிச்சல்ல சேனலையே அணைச்சிடுவாங்க. அப்புறம் பெட்டி வந்தாக்கூடத் தெரியாது. ஒரு தடவை அவங்க அணைச்சா நம்மளால திருப்பிப் போட முடியாது சார்."

"யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டாங்க மேடம். ஒரே ஒரு வாரம்."

மணியக்கா அன்றைக்கு இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். ஆனால் அது பதவி உயர்வுப் பட்டியல் போடுகிற மாதம். மனசாட்சிக்கு ஒரு வாரம் விடுப்பு கொடுத்துவிட்டு, ஒன்பது தள்ளுபடிச் செய்திகளை 'சேவை' டாபிக்கில் தன் கையாலேயே ஏற்றினாள். விற்பனை ஏறியது. தலைவர் எல்லாருக்கும் கேக் வெட்டினார். அவளும் ஒரு துண்டு தின்றாள்.

இருபது நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் இன்சுலின் பெட்டி கிடந்தது. உள்ளே ஐஸ் பை கரைந்து வெந்நீராகியிருந்தது. செவ்வாய்க்கிழமை வந்த பெட்டி. தன்னிடம் இருந்த சாவியால் திறந்தாள். அண்ணன் சமையலறைத் தரையில் விழுந்து கிடந்தார். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் வாய் திறந்தார். "மருந்து வரலன்னு நெனச்சேன் பாப்பா. இருந்ததைப் பாதி பாதியா போட்டுக்கிட்டேன்."

அவருடைய ஆர்டரை ஏற்கெனவே தோண்டிப் பார்த்திருந்தாள். நான்கு செய்திக்கும் எதிரே 'வெற்றி' என்று பச்சையில் இருந்தது. அனுப்பும் கணினி செய்தியை வாங்கிக்கொண்டது என்பதுதான் அந்தப் பச்சைக்கு அர்த்தம். ஆள் கண்ணில் பட்டதா என்று அது சொல்லாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. தலைமாட்டில் இருந்த போனை எடுத்து அமைப்புகளைத் திறந்தாள். 'ஆர்டர் நிலை' அணைந்திருந்தது.

"ஏண்ணே அணைச்சீங்க?"

"அந்த வாரம் ஒம்போது தடவை அடிச்சுது பாப்பா. ஒம்போது தடவையும் பெட்டிதான்னு முட்டியப் பிடிச்சுக்கிட்டுப் போய்க் கதவத் தொறந்தேன். ஒண்ணும் இல்ல. கடைசி தடவை அதை அமுக்கிப் பிடிச்சேன். அணைக்கவான்னு கேட்டுச்சு. சரின்னுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உன் வேலையில குத்தம் சொன்ன மாதிரி ஆயிடாதா?" என்றார் அண்ணன். "என் தப்புதான். நான் அணைச்சிருக்கக் கூடாது."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏற்றியது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வாயைத் திறந்தால் அவர் உதட்டைப் படித்துவிடுவார். தண்ணீர் எடுத்து வருவதாகச் சைகை காட்டிவிட்டு வெளியே போனாள்.

அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக, எத்தனை போன்களில் அந்தச் சேனல் அணைந்திருக்கிறது என்று எடுத்தாள். ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் போன் அந்தத் தகவலைத் தந்துகொண்டுதான் இருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை. ஐம்பத்து மூவாயிரம். அந்தத் தாளை விற்பனைத் தலைவர் முன்னால் வைத்தாள்.

"இதுக்கா இவ்வளவு பதட்டம்? புதுப் பேர்ல இன்னொரு சேனல் தொறங்க. புதுசு எப்பவும் ஆன்லதானே வரும்?"

"அவங்க அணைச்சதுக்கு என்ன சார் மரியாதை?"

"அவங்க வெறுத்தது தள்ளுபடியை, ஆர்டரை இல்ல. நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப தள்ளுபடியை அதுல போட மாட்டோம்னு எழுதிக் கொடுங்க."

"அது தனி மீட்டிங் மேடம்."

முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். இந்தத் தடவை மேலிடத்துக்கும் எழுதினாள். பதில் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் அரை நாளில் புதுச் சேனல் வேலையை முடித்துக் கொடுத்தார். திங்கட்கிழமை புதிய ஆப் எல்லாப் போன்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பதவி உயர்வும் அவருக்கே போயிற்று.

அடுத்த வாரம் அண்ணன் வீடு திரும்பியிருந்தார். மணியக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது அவர் சட்டைப்பை அதிர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது. அவள் கையமர்த்துவதைப் பார்க்கக்கூட இல்லை. சுவரைப் பிடித்து, கட்டிலைப் பிடித்து, ஒவ்வோர் அடியாக வைத்து வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தார். வெறும் தரை. குனிந்து கதவுக்குப் பின்னாலும் பார்த்தார்.

பிறகு போனை எடுத்து, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படித்தார். முகப்பூச்சுக்கு நாற்பது சதவீதம் தள்ளுபடி.

"இதை நீதான் அனுப்புனியா பாப்பா?"

அதை அனுப்பியது பக்கத்து மேசைக்காரர். அவள் அண்ணனுக்கு நேராக நின்று, அவருக்குப் புரியும்படி மெல்ல உதட்டை அசைத்தாள்.

"ஆமாண்ணே. நான்தான்."