சீமையில் சோறாக்கிய ஜெபராஜ்

ஆம்பூரில் அந்த நாளில் சீமைக்குப் போய்வந்தவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். அதில் ஒரு விரல் ஜெபராஜ். சத்தார் சாகிப்பின் தோல் ஷாப்பில் கணக்கெழுத வந்தவரை, புத்தி கூர்மையாய் இருக்கிறதென்று சாகிப்பே கப்பலேற்றி, லீட்ஸ் என்கிற ஊருக்குத் தோல் பதனிடும் படிப்புக்கு அனுப்பி வைத்தார். இரண்டு வருஷம் கழித்து ஜெபராஜ் கோட்டும் தொப்பியுமாய் ரயிலை விட்டு இறங்கினபோது, கோயில் சபையார் மாலையோடு வந்து ஸ்தோத்திரப் பாட்டுப் பாடினார்கள். அன்று முதல் ஊரார் வாயில் அவர் சீமை ஜெபராஜ்.

கர்த்தருடைய கிருபையால் எல்லாம் நன்றாகவே நடந்தது. மேசை, நாற்காலி, தனி அறை எல்லாம் கிடைத்தன. சுண்ணாம்புத் தொட்டியில் தோல் எத்தனை நாள் ஊற வேண்டும், தோலைப் பதம் பண்ணுகிற பட்டைத் தண்ணீரின் சாரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுவார். சொன்னது சரியாகவும் இருக்கும். இங்கிலீஷில் வரும் கடிதங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்துப் பதிலும் எழுதுவார். அவருக்குள்ளே ஒரு முள் இருந்தது யாருக்கும் தெரியாது. பெண்ஜாதி பொன்மலருக்குக்கூடத் தெரியாது.

ஐந்தாம் வருஷம் மாசி மாதத்தில் சாகிப் அவரைக் கூப்பிட்டார். பக்கத்தில் சுந்தரமூர்த்தி நின்றிருந்தான். வாலாஜாபேட்டைப் பிள்ளை. சென்னையில் இருக்கிற தோல் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"ஜெபராஜ், இவனையும் சீமைக்கு அனுப்பலாம்னு பார்க்கிறேன். அடுத்த மாசம் கப்பல் இருக்குதாம். இன்னா சொல்றே? மெட்ராஸ்ல படிச்சது போதுமா, இல்லே அங்க போனாத்தான் வருமா? நீ பார்த்த ஆளு, நீ சொல்லு."

சுந்தரமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணா, எனக்குப் போக ஆசைதான். ஆனா செண்பகத்துக்கு இது ஏழாம் மாசம். முன்னே ரெண்டு தங்கலே. அவளுக்குன்னு வேற ஆளும் இல்லே. போய்த்தான் ஆவணும்னா போறேன். நீங்க சொல்லுங்க."

இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். போக வேண்டாம் என்றால், நீ போய் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்பார்களே! ஜெபராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அங்க போனாத்தான் வரும், சாகிப். அந்தக் காத்துலேயே இருக்குது படிப்பும் பேச்சும்."

சுந்தரமூர்த்தி "சரிங்கண்ணா" என்று போய்விட்டான். ஜெபராஜ் அன்று சாப்பிட உட்கார்ந்து, பாதியில் எழுந்தார்.

எட்டு நாள் கழித்து லண்டனிலிருந்து தோல் வாங்குகிற துரை ஒருவர் வந்தார். போன வருஷம் வாங்கின ஆட்டுத்தோல் அங்கே சிவந்து போயிற்றென்று குறை. மோட்டாரை விட்டு இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். வாயில் சுருட்டு, பேச்சிலே வேகம். ஜெபராஜுக்கு ஒரு சொல் கிடைத்தால் நான்கு சொல் ஓடிவிட்டது. லீட்ஸிலும் இப்படித்தான். வகுப்பில் அச்சடித்த குறிப்பு கொடுப்பார்கள், அதைப் படித்துப் பரீட்சை எழுதிவிட்டார். வெளியே வாய் திறந்தால் தப்பு வருமே, சிரிப்பார்களே என்று அப்போதும் தலையாட்டினார். இப்போதும் தலையாட்டினார்.

"எஸ் சார்," என்றார். துரை இன்னொன்று கேட்டார். "எஸ் சார்." மூன்றாவதாக ஒன்று கேட்டார். அதற்கும் "எஸ் சார்."

துரை முகம் கறுத்தது. கையிலிருந்த தோலை மேசைமேல் போட்டுவிட்டு மோட்டார் பக்கம் திரும்பினார். சாகிப்புக்கு இங்கிலீஷ் தெரியாது. "இன்னா ஜெபராஜ், இன்னா கேட்டாரு? நீ இன்னா சொன்னே?" என்று பதறினார். ஜெபராஜ் வேர்த்துக் கொட்ட நின்றார். என்ன கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது சுந்தரமூர்த்தி முன்னால் வந்தான். துரையைப் பார்த்து, மெதுவாய், நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் பேசினான். "ஐயா, நீங்கள் வேகமாகப் பேசுகிறீர்கள். தயவுசெய்து இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்" என்று கேட்டானாம். அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தை இரண்டு வருஷம் அந்தத் தேசத்திலே இருந்தும் ஜெபராஜ் ஒருநாளும் சொன்னதில்லை.

துரை நின்றார். மறுபடி சொன்னார். சுந்தரமூர்த்தி தப்பும் சரியுமாய்ப் பதில் சொன்னான். ஒரு சொல் தெரியாதபோது கையைக் காட்டி, சுற்றிவளைத்து விளக்கினான். துரையே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். ஆவாரம்பட்டையில் பதம் பண்ணின தோல் வெயில் பட்டால் சிவக்கும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் நன்றாய் முக்கியெடுத்தால் அது மட்டுப்படும் என்றான். துரையைக் கடுக்காய்த் தொட்டிக்கே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினான். திரும்பும்போது துரை சிரித்துக்கொண்டு வந்தார்.

விஷயம் இதுதான்: ஆவாரம்பட்டை என்று சொல்லி, வாட்டில் என்கிற வெளிதேசத்துப் பட்டையைக் கலந்து ஏமாற்றுகிறீர்களா என்று துரை கேட்டிருக்கிறார். ஜெபராஜ் ஆமாம் என்றிருக்கிறார்.

சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி ஆதிகேசவன் சும்மா இருப்பாரா? "சீமை போய்ட்டு வந்தவர் எஸ்ஸுங்கிறாரு, கப்பலே ஏறாத மூர்த்தி பேசுறான். இன்னாபா உலகம்!" என்றார். ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சும்மா இரு மேஸ்திரி. அண்ணனுக்குச் சளி, காது அடைச்சிருக்குது" என்றான் சுந்தரமூர்த்தி.

அந்தப் பரிவுதான் ஜெபராஜை அறுத்தது. தனியே அவனைக் கூட்டிப்போய்க் கேட்டார். "மூர்த்தி, நீ எங்கடா கத்துக்கினே?"

"மிஷன் பங்களால புதுசா ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா வந்திருக்காங்களே, அவங்களுக்குத் தமிழ் கத்துக்கணும். எனக்கு இங்கிலீஷு. சாயந்திரம் அரை மணி தமிழ் மட்டும், அரை மணி இங்கிலீஷ் மட்டும். நடுவுல மாத்திக்கக் கூடாதுன்னு பேச்சு. சொல்லு வரலேன்னா கையைக் காட்டியாவது அதே பாஷையில சமாளிக்கணும். தப்புச் சொன்னா அவங்க திருத்துவாங்க. திருத்தினதை நோட்டுல எழுதிக்குவேன். மறுநா நடந்து வரும்போது வாய்விட்டுச் சொல்லிக்கினே வருவேன். ரோட்டுல பைத்தியம்னு நினைப்பாங்க. எட்டு மாசமாச்சுண்ணா."

கோயிலுக்குப் பக்கத்துப் பங்களா அது. ஜெபராஜ் வாராவாரம் ஆராதனை முடிந்து அந்த வாசலில் நின்று "குட்மார்னிங்" சொல்லிவிட்டு, அடுத்த சொல் வருமுன் வீட்டுக்கு விரைகிறவர்.

அன்று மாலையே சாகிப் கூப்பிட்டுச் சொன்னார்: "போவாதவனே இந்தப் பேச்சு பேசுறான். போனா இன்னாவா வருவான்! நீ சொன்னது சரிதான் ஜெபராஜ். டிக்கெட்டுக்கு எழுதிடு." ஜெபராஜின் பொய்யே அவரை மெச்சிக்கொண்டு எதிரில் வந்து நின்றது.

வீட்டிலே முழங்காலில் நின்றார். ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் செண்பகம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குடத்தோடு நடந்து போகிற பெண், தெரிந்தாள். பொன்மலர், "இன்னாங்க, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உடம்புக்கு ஒண்ணுமில்லே மலரு" என்றார்.

காலையில் ஷாப்பு முற்றத்தில், மேஸ்திரி நிற்க, ஆட்கள் நிற்க, சாகிப்பிடம் போனார். தனியறையில் சொல்லியிருக்கலாம். பொய்யைப் பலர் பார்க்கச் சுமந்தவன் அதைப் பலர் பார்க்கவே இறக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று.

"சாகிப், டிக்கெட்டுக்கு எழுதலே. நான் சொன்னது பொய்."

"இன்னா பொய்?"

"அங்க போனாத்தான் பேச்சு வரும்ன்னேனே, அது. அங்க போயி எனக்கு வரலே. நம்ம ஊர்ப் பக்கத்துப் பசங்க மூணு பேரோட ஒரே வீட்டுல இருந்தேன். தமிழே பேசினோம், அரிசி தேடி அலைஞ்சோம். வீட்டுக்காரம்மா ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடும். தப்பாப் பேசிடுவோம்னு வெக்கப்பட்டு ஒரு தடவைகூடப் போவலே."

"ரெண்டு வருசம் இன்னாதான்யா பண்ணே?"

"சோறாக்கினேன் சாகிப்."

மேஸ்திரி "அதான் தேங்கா சாதம் நல்லா பண்றாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரியே தலையைக் குனிந்துகொண்டார்.

சாகிப் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பொண்ணு வயித்துல புள்ளையோட இருக்குதுன்னு தெரிஞ்சுதானே சொன்னே?"

"தெரிஞ்சுதான்."

இந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பலம் வேண்டியிருந்தது. சுந்தரமூர்த்தி தொட்டியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஜெபராஜ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அப்போ சீமையே வேஸ்டுன்றியா?"

"அப்படியும் சொல்லக்கூடாது சாகிப். அங்க பெரிய பெரிய மெசின் ஓடுது. குரோம் உப்புல பதம் போடறதைக் கண்ணால பார்த்துக் கையால செய்யணும். நம்ம தோலை அந்த ஊர்க் கிடங்குல எப்படிப் பிரிச்சுத் தரம் போடறாங்கன்னு பார்க்கணும். அதெல்லாம் இங்க கிடைக்காது. பேச்சு வேற. கடையில ரொட்டி வேணும்னா பேசியே ஆவணும், அந்த நெருக்கடிதான் அந்த ஊரு கொடுக்கறது. நான் அதையும் ஒளிஞ்சு ஒளிஞ்சு தப்பிச்சேன். மூர்த்தி அதை இங்கயே தினம் ஒரு மணி நேரம் உண்டாக்கிக்கினான். மெசினைப் பார்க்க ஆறு மாசம் போதும் சாகிப். குழந்தை பொறந்து, தாயும் புள்ளையும் தேறினப்புறம் போவட்டும். போனா, தமிழ் தெரியாத வீட்டுல தங்கணும்."

"உன் நாற்காலி?"

"உங்க இஷ்டம்."

சாகிப் நாற்காலியைப் பிடுங்கவில்லை. "போய் வேலையைப் பாரு" என்றார். அது மன்னிப்பா கோபமா என்று ஜெபராஜுக்கு விளங்கவில்லை. சுந்தரமூர்த்தி கிட்டே வந்து நின்றான். "செண்பகத்துக்கிட்டச் சொல்லிட்டு வர்றேன்" என்று ஓடினான். அண்ணா என்று கூப்பிடவில்லை. அதற்கப்புறம் பல மாதம் கூப்பிடவில்லை.

செண்பகத்துக்குச் சித்திரையில் பெண் பிறந்தது. பிழைத்தது. சுந்தரமூர்த்தி ஐப்பசியில்தான் கப்பலேறினான்.

அவன் இல்லாத மாலைகளில் மிஸ்ஸியம்மாவுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் வேண்டியிருந்தது. ஜெபராஜ் பங்களா வாசல்வரை இரண்டு நாள் போய்த் திரும்பினார். மூன்றாம் நாள் உள்ளே போனார். நாற்பது வயது ஆள், தலை நரைத்தவர், நோட்டும் பென்சிலும் மடியில் வைத்து உட்கார்ந்தார். முதல் அரை மணி அந்த அம்மாள் தமிழில் திணறினாள், இவர் திருத்தினார். பிறகு மணியைப் பார்த்து அவள் இங்கிலீஷுக்கு மாறினாள். நீங்கள் சீமையில் எங்கே தங்கியிருந்தீர்கள் என்று கேட்டாள்.

காது சுட்டது. "எஸ் மேடம்" என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, மெதுவாய் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். அவள் சொன்னாள். அவர் பதில் சொன்னார். நான்கு சொல்லில் மூன்று தப்பு. அவள் சிரிக்காமல் திருத்தினாள். ஜெபராஜ் பென்சிலை எடுத்து, அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.