ஒரே பெயரில் இரண்டு கணக்கு

எங்கள் கம்பெனியில் ஒரே பெயரில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். முதலெழுத்தும் ஒன்றுதான். ஒருவர் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத்தில் டீமேக்கர். தேயிலை ஆலை முழுவதும் அவர் பொறுப்பு. மற்றவர் பூனாகலைப் பக்கம் மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. உறவுக்காரர்கள் அல்ல. பெயரால் ஏற்பட்ட பழக்கம்தான். ஒருவருக்கு வரும் கடிதம் இன்னொருவருக்குப் போய்ச் சேரும், அதைக் கொடுக்கப் போன இடத்தில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், அப்படியே சிநேகிதமாகிவிட்டார்கள்.

நான் பதுளை நகரில் வட்டார அலுவலகத்தில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். டீமேக்கரை நேரில் பார்த்ததை விட அவர் குரலைக் கேட்டதுதான் அதிகம். மாத முடிவில் ஆலையின் ஓவர்டைம் விவரத்தைத் தொலைபேசியில் சொல்லுவார். சொல்லி முடித்ததும், "எழுதிட்டீங்களா மிஸ்? அவசரமில்ல, மெதுவா எழுதுங்க" என்பார். மற்ற எல்லாத் தோட்டங்களிலும் எங்களைத்தான் அவசரப்படுத்துவார்கள்.

ஒரு நவம்பர் மாதம், கொழுந்து வாட்டும் மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லை. பெயரைக் கேட்டவர்கள் பாதிப் பேர் கணக்கப்பிள்ளைதான் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளையின் மனைவி பண்டாரவளை சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது யாரோ வந்து கையைப் பிடித்து அழுதிருக்கிறார்கள். அவர் பையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். கணக்கப்பிள்ளை வாசலில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். மனைவி சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தாராம். அப்படியானால் செத்தது யார் என்று அடுத்த நொடியில் புரிந்துவிட்டது. பாதி முகத்துச் சவர்க்காரத்தைத் துடைத்தபடியே பஸ்ஸுக்கு ஓடினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மே மாதம் எங்களுக்கு ஆண்டுக் கணக்கு ஒப்புநோக்கும் காலம். ஒவ்வொரு உத்தியோகத்தருக்கும் இரண்டு தாள்கள் இருக்கும். மத்திய வங்கியிலிருந்து வரும் ஈ.பி.எப் என்னும் சேமலாப நிதிக் கூற்று ஒன்று. அதில் ஜனவரி முதல் டிசம்பர் வரை அவர் கணக்கில் சேர்ந்த பணமும் வட்டியும் இருக்கும். சம்பளத்தில் பிடிக்கும் எட்டு வீதமும் கம்பெனி போடும் பன்னிரண்டு வீதமும் சேர்ந்து இருபது வீதம் அங்கே போயிருக்க வேண்டும். மற்றது நாங்களே கொடுக்கும் வரிக்கழிவுச் சான்றிதழ். வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அதனால் இரண்டையும் நேராக வைத்துப் பார்த்தால் ஒத்துவராது. போதாததற்கு ஓவர்டைமுக்கு வரி உண்டு, சேமலாபம் கிடையாது. ஆகவே மாதாமாதச் சம்பளப் பட்டியலை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு தாளை இந்தப் பக்கத்திலிருந்தும் மற்றதை அந்தப் பக்கத்திலிருந்தும் சரிபார்க்க வேண்டும்.

அதுவரைக்கும் நாங்கள் மொத்தத் தொகையைத்தான் பார்த்து வந்தோம். கம்பெனி அனுப்பிய மொத்தமும் வங்கிக்குப் போய்ச் சேர்ந்த மொத்தமும் ஒன்றாக இருந்தால் போதும். அந்த வருடம் வந்த கணக்காய்வாளர்கள், ஆள் ஆளாகப் பார்த்து எழுதித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒவ்வொரு கூற்றாக எடுத்து அங்கத்தவர் எண், அடையாள அட்டை எண், ஆண்டுக்குள் சேர்ந்த தொகை, வட்டி என்று கணினியில் பதிந்துகொண்டு வந்தேன்.

டீமேக்கரின் தாள் வந்தது. ஆண்டுக்குள் சேர்ந்த தொகை என்ற இடத்தில் சைபர். பழைய இருப்புக்கு வட்டி மட்டும் விழுந்திருந்தது.

பக்கத்தில் இருந்த பிரதம லிகிதர், எங்கள் பிரிவின் மூத்த எழுத்தர், எட்டிப் பார்த்தார். "அவர்தான் தவறிட்டாரே. அப்படித்தான் இருக்கும். அடுத்தத எடுங்க."

நானும் அடுத்த தாளைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் அவர் இறந்தது நவம்பரில். அக்டோபர் முடிவில் என்னோடு பேசியிருக்கிறார். பத்து மாதச் சம்பளத்துக்குப் பணம் எங்கே?

அவருடைய வரிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் முதல் அவர் வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் பட்டியலோடு பிசகில்லாமல் ஒத்துப்போயின. அப்படியானால் சம்பளம் சரி, பிடித்ததும் சரி. அதற்குப் பிறகு, வங்கிக்கு அனுப்பிய கோப்பில்தான் ஏதோ நடந்திருக்கிறது. கணக்கப்பிள்ளையின் கூற்றைத் தேடி எடுத்தேன். அவர் சம்பளத்துக்குச் சேர வேண்டியதை விட இரண்டு மடங்குக்கும் மேலாக விழுந்திருந்தது. அவருக்கு உரியதைக் கழித்துப் பார்த்தேன். மிச்சம், டீமேக்கருக்கு வந்திருக்க வேண்டிய தொகை.

சில வருடங்களுக்கு முன் புதிய மென்பொருளுக்கு மாறியபோது, அதை அமைத்தவர்கள் பெயரைப் பார்த்து எண்ணை இணைத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே அங்கத்தவர் எண் போய் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் டீமேக்கரின் சேமலாபம் சிநேகிதரின் கணக்கில் விழுந்திருக்கிறது. மொத்தத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. யார் கண்ணில் படும்?

டீமேக்கரின் மனைவி ஏற்கெனவே மரணக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்திருந்தார். தொழில் அலுவலகத்தில் விசாரித்தபோது, கணக்கைத் திருத்திய பிறகுதான் விண்ணப்பம் நகரும் என்றார்கள். அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மகளோடு வந்திருந்தார். அந்தப் பிள்ளை பதுளையில் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூட உடையிலேயே வந்திருந்தாள்.

"பணம் எங்கயும் போகலங்க அக்கா. வேற எண்ணுல விழுந்திருக்கு. மாதம் மாதமாத் திருத்தி எழுதி அனுப்பணும். அவங்க பார்த்து மாத்துவாங்க."

"எவ்வளவு நாளாகும் மிஸ்?"

"தெரியலங்க. மாசக்கணக்கில ஆகலாம்."

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "குவாட்டர்ஸ விடச் சொல்லிட்டாங்க. புது டீமேக்கர் குடும்பத்தோட வாறாராம். பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடத் தவணை முடியுமட்டும் இருங்கன்னாங்க. பதுளையில சின்னதா ஒரு துண்டுக் காணி பேசி வச்சிருந்தோம். அந்தக் காச நம்பித்தான்."

யாருடைய எண்ணில் விழுந்தது என்று அவர் கேட்டார். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளை மேசையில் கிடந்த தாளைப் பார்த்து, "அம்மா, அப்பா பேருதான் போட்டிருக்கு" என்றாள். பிறகு அடையாள அட்டை எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். "இது அப்பா இல்ல. பூனாகலை மாமா" என்றாள்.

கணக்கப்பிள்ளை கையொப்பமிட்டால்தான் அவர் கணக்கிலிருந்து பணத்தை மாற்ற முடியும் என்று எங்கள் கணக்காளர் அவரை வரவழைத்தார். நான் திருத்தப் படிவங்களை அவர் முன்னால் வைத்து ஒவ்வொன்றாக விளக்கினேன். நான் சொல்லி முடிக்கும் வரை அவர் பேனாவைத் தொடவில்லை.

"மிஸ், நான் வீடு கட்டுறதுக்கு ஈ.பி.எப்ல முப்பது வீதம் எடுத்தேன். நீங்கதான் பாரம் நிரப்பித் தந்தீங்க. அப்ப இவன் காசும் என் கணக்குல இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அப்ப இவன் காசுலயும் முப்பது வீதம் எடுத்திருக்கேன்."

மிச்சமிருக்கும் இருப்பிலிருந்து முழுவதும் ஈடாகிவிடும், நீங்கள் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"கணக்குல நெறைய இருக்குதேன்னு எனக்குக் கூடத் தோணிச்சு. வட்டி கூட்டிட்டாங்க போலன்னு நெனச்சேன். அவன்கிட்டயே சொன்னேன். 'உனக்கு அதிர்ஷ்டம்டா, கூரைக்குத் தகரம் வேண்டாம், நல்ல ஓடா வாங்கு'ன்னான்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கணக்காளர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எல்லாவற்றிலும் கையொப்பமிட்டார். கையொப்பமிடும்போது பெயரை முழுதாக எழுத வேண்டும். ஒவ்வொரு தாளிலும் அந்தப் பெயரை எழுதும்போது அவர் எப்படி இருந்தார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வாரமே அவர் டீமேக்கரின் வீட்டுக்குப் போயிருக்கிறார். கூரைக்கு வாங்கி இன்னும் போடாமல் வைத்திருந்த ஓடுகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தோடு போனாராம். அந்த அம்மா வாங்கவில்லை. கோபத்தில் மறுக்கவும் இல்லை. "அண்ணே, உங்ககிட்ட வாங்கிட்டா நாளைக்கு அவங்க எனக்கு அனுப்புற காசு யாரு காசுன்னு எனக்குத் தெரியாமப் போயிடும். இன்னும் ஒரு குழப்பம் வேணாம்" என்று சொல்லித் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். இதைக் கணக்கப்பிள்ளைதான் என்னிடம் வந்து சொன்னார். அந்த அம்மாவுக்குத் தன் மீது கோபமில்லாததே அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது.

நான் மாதந்தோறும் கொழும்புக்கு அழைத்துக் கேட்டேன். ஒருமுறை ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள், இன்னொருமுறை கிராம அலுவலரின் உறுதி வேண்டும் என்றார்கள். யார் மீதும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் தங்கள் மேசைக்கு வந்த தாளைச் சரியாகத்தான் பார்த்தார்கள்.

தவணை முடிந்தது. பேசி வைத்த காணியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அந்த அம்மா கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போகும் நாளில் பதுளை பஸ் நிலையத்திலிருந்து என்னை அழைத்தார். "காசு வந்தா இந்த நம்பருக்குச் சொல்லுங்க மிஸ்." பின்னால் கண்டி, கண்டி என்று நடத்துநர் கூவிக்கொண்டிருந்தார். பிள்ளையின் படிப்பு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அங்கே பள்ளிக்கூடம் பார்க்கலாம் என்றார்.

பணம் அடுத்த வருடம் வந்தது. வட்டியையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரு சதம் குறையாமல் டீமேக்கரின் எண்ணுக்கு மாற்றி, அங்கிருந்து அந்த அம்மாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று காலையில் எனக்கு இருந்த சந்தோஷத்தில் உடனே அழைத்தேன். மகள்தான் எடுத்தாள்.

"அம்மா வேலைக்குப் போயிட்டாங்க மிஸ். நானும் இப்பக் கிளம்பணும்."

"பள்ளிக்கூடத்துக்கா?"

"இல்லங்க மிஸ். கார்மெண்ட்ஸ் வேலைக்கு." பஸ் வந்துவிடும் என்ற அவசரம் அவள் குரலில் இருந்தது. பணம் வந்துவிட்டது என்று சொன்னேன். "சரிங்க மிஸ். அம்மாகிட்டச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் கணினிக்குத் திரும்பினேன். கணக்காய்வாளருக்கான அறிக்கையில் அந்த இரண்டு வரிகளுக்கும் எதிரே "வித்தியாசம் தீர்க்கப்பட்டது" என்று எழுத வேண்டியிருந்தது. கேட்ட இடத்தில் கேட்ட சொற்களைத்தான் எழுத முடியும். எழுதினேன். பிறகு சாப்பாட்டு நேரம் வரும் வரைக்கும் எனக்கு வேறு எந்தத் தாளையும் எடுக்கக் கை வரவில்லை.